கூட்டங்களில் கேப்ஷனும் மாற்று இருக்கையும் கோரி எங்கள் மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்வாண்டு மதிப்பீட்டில் என் பெயருக்கு நேரே “கூட்டங்களில் பங்களிப்பு போதாது” என்று எழுதப்பட்டிருப்பதைப் படித்தேன். என் செவித்திறன் குறைபாடு தாங்கள் அறிந்ததே. அடையாள அட்டையின் நகல் பணியில் சேர்ந்த நாளிலிருந்து மனிதவளத் துறையில் இருக்கிறது. கூட்டங்களில் கேப்ஷன் வேண்டும், அதாவது பேசுவது உடனுக்குடன் திரையில் எழுத்தாக ஓட வேண்டும் என்று நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை. கேட்கும் வசதியைச் செய்து தராமல், கேட்காததை மட்டும் குறையாகப் பதிவுசெய்திருப்பதால், துறையினர் அனைவரும் படிக்கும்படி இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற மாத ஜிஎஸ்டி கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விளக்குகள் அணைக்கப்பட்டன. தாங்கள் திரையைப் பார்த்தபடி பேசினீர்கள். கோவைக் கிளையினர் மேசை நடுவிலிருந்த ஒரே ஒலிபெருக்கி வழியாகப் பேசினார்கள். இடையிடையே இருவர் மூவர் ஒரே நேரத்தில் பேசினார்கள். 20ஆம் தேதிக்குள் விவரணம் தாக்கல் செய்வதற்காக, கொள்முதல் பட்டியல்களைச் சரிபார்த்து முடிக்க வேண்டிய நாள் 18இலிருந்து 16ஆக மாற்றப்பட்டது அந்த இருட்டில்தான். பதினாறு, பதினெட்டு இரண்டும் தொடங்குவது ஒரே ஒலியில். வேறுபடும் பிற்பகுதியோ பேச்சில் தேய்ந்து விழுவது. உதடும் தெரியாத நிலையில் என்னை எட்டியது முற்பகுதி மட்டுமே. முன்பு எழுத்தில் வந்த தேதி 18 என்பதால் ஐயப்படவும் காரணம் இருக்கவில்லை. மாற்றம் எங்கும் எழுதப்படவில்லை. நான் 18ஆம் தேதி ஒப்படைத்த வேலை தாமதம் என்று பதிவாயிற்று.

“காதில் கருவி இருக்கிறதே, கேட்காதா?” என்று பலர் வியக்கிறார்கள். கருவி ஒலியைப் பெரிதாக்கும். ஆனால் பேச்சை மட்டும் பிரித்துப் பெரிதாக்க அதனால் முழுமையாக இயலாது. பேசுபவர் ஓரிரு மீட்டருக்குள் இருந்தால் எனக்குப் பெரும்பாலும் புரிகிறது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளோ கண்ணாடிச் சுவர்களின் எதிரொலி அதைக் குழப்பவும் செய்யும். உதட்டசைவும் பாதித் துணையே: ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. இப்படி விடுபட்டதை ஊகித்து நிரப்பியபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எனக்கு, கருத்துச் சொல்ல வாய் திறக்கும்போது பேச்சு அடுத்த பொருளுக்குப் போயிருக்கும். தாங்கள் பங்களிப்பின்மை என்று எழுதியது இதைத்தான்.

ஆகவே முதல் கோரிக்கை கேப்ஷன். நாம் பயன்படுத்தும் கூட்டச் செயலியிலேயே அவ்வசதி உண்டு. நம் நிறுவனக் கணக்கில் அது முடக்கப்பட்டிருக்கிறது, தங்கள் ஒப்புதல் வந்தால் இயக்கித் தருவதாகக் கணினிப் பிரிவினர் சொல்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த நம் பேச்சில் அது தடுமாறும் என்பதையும், பெயர்களையும் எண்களையும் பிழையாக எழுதக்கூடும் என்பதையும் அறிவேன். ஒலிவாங்கி பேசுபவருக்கு அருகில் இருந்து, ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசினால் பிழை வெகுவாகக் குறையும். தேதியையும் தொகையையும் மட்டுமாவது அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, இருக்கை. கூட்ட அறையில் மேசையின் நீளப் பக்கத்தின் நடுவில், சன்னலுக்கு முதுகு காட்டி அமர விரும்புகிறேன். அப்போது வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழும். என் அன்றாட மேசையோ நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், குளிர்சாதனத் துவாரத்துக்கு அடியில், நடைபாதைக்கு முதுகு காட்டியபடி இருக்கிறது. யார் வருவதும் தெரியாமல் நாள்தோறும் திடுக்கிட்டுத் திரும்புகிறேன். கிழக்குச் சுவரோரம் இப்போது காலியாக இருக்கும் இடத்தில், எனக்குச் சற்று நன்றாகக் கேட்கும் இடது காது துறையின் பக்கம் இருக்கும்படி மேசையைப் போட்டால் போதும்.

இது சலுகையன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் தனியார் நிறுவனமாயின், உதவிக் கருவிகள், தடையற்ற சூழல், இவற்றைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். நம் அலுவலகத்தில் அக்கொள்கையை நான் கண்டதில்லை. ஆனால் டிசம்பர் 3ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தின விழா நடந்தது; என்னை மேடையேற்றிப் பூங்கொத்தும் கொடுத்தார்கள். அங்கு பேசப்பட்ட உரைகளில் ஒன்றுக்குக்கூட எழுத்து வடிவம் இல்லை. எனக்காக நடந்த விழாவில் என்ன பேசப்பட்டது என்று எனக்குத் தெரியாது என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

கடுமை தோன்றியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கேப்ஷனுக்கான ஒப்புதலை அடுத்த கூட்டத்துக்கு முன்பாகக் கணினிப் பிரிவுக்கு அனுப்புமாறும், மேசையை இம்மாதத்துக்குள் மாற்றித் தருமாறும், மதிப்பீட்டிலுள்ள அந்த வரியையும் தாமதப் பதிவையும் மறுபரிசீலனை செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் கணக்குப் பிரிவு ஊழியை