ஒரு படி மட்டும் கூடுதலாகச் சொல்

அன்புள்ள கண்ணா,

போன வாரம் போனில் உன் அலுவலக நண்பனைப் பற்றி நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "தினமும் மதியம் சேர்ந்துதான் உட்காருகிறோம்மா, பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் எனக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவனிடம் போய்ச் சொல்வேனா என்று கேட்டால், தெரியவில்லை" என்றாய். எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இத்தனை வருஷம் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கொஞ்சம் பாடம் மாதிரியும் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. பழகும் நேரம் கூடினால் நெருக்கம் தானாக வந்துவிடும் என்று நீ காத்திருக்கிறாய் போலிருக்கிறது. நேரம் வேண்டியதுதான். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்று கணக்கிட்டார். ஆனால் வேலையிடத்தில் வேறு வழியில்லாமல் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு அதே வலு இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. நீங்கள் இருவரும் அந்த 200 மணி நேரத்தை என்றோ தாண்டியிருப்பீர்கள். ஆகவே உங்களுக்குக் குறைவது நேரம் இல்லை. அந்த நேரத்தில் என்ன பேசுகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1973-இல் ஆல்ட்மன், டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை அகலம், ஆழம் என்று பிரித்துச் சொன்னார்கள். எத்தனை விஷயங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அகலம். ஒரு விஷயத்தில் எவ்வளவு உள்ளே போகிறோம் என்பது ஆழம். உங்கள் பேச்சில் அகலம் நிறைய இருக்கிறது: வேலை, செய்தி, ஆட்டம், அடுத்த லீவு. ஆழத்துக்காகப் புதிதாக ஏதோ பெரிய விஷயத்தைத் தேட வேண்டும் என்று நினைக்காதே. ஏற்கெனவே பேசுகிற விஷயத்திலேயே ஒரு படி இறங்கினால் போதும்.

எப்படி என்று உன் வேலையை வைத்தே பார்க்கலாம். "புது மேலாளர் வந்திருக்கிறார்" என்பது வெறும் தகவல், யாரிடமும் சொல்லலாம். "அவர் வேலை வாங்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் அது உன் கருத்து. "அவர் கூப்பிடும் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை" என்னும்போது உன் மனநிலை வெளியே வந்துவிடுகிறது. "இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று சில நாள் பயமாக இருக்கிறது" என்பது அதற்கும் கீழே, உன்னைப் பற்றி நீயே நினைப்பது. விஷயம் ஒன்றுதான், படிகள் நாலு.

உங்கள் பேச்சு முதல் இரண்டு படியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். மேலாளரைப் பற்றி இருவரும் சேர்ந்து குறை சொல்வீர்கள், சிரிப்பீர்கள். அப்போது நெருக்கம் இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பேச்சில் இருப்பது மேலாளர். நீயும் இல்லை, அவனும் இல்லை. மூன்றாவது மனிதரைப் பற்றிய ரகசியத்தைப் பகிர்ந்துகொள்வதும் இப்படித்தான். நம்பிச் சொல்கிறான் என்று தோன்றும். ஆனால் சொன்னவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதோடு, நம் விஷயத்தையும் இப்படித்தான் வேறெங்கோ சொல்வானோ என்ற சந்தேகமும் வந்துவிடும்.

சரி, அடுத்த முறை மேலாளர் பேச்சு வரும்போது மூன்றாவது படியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பார். முன்னுரை வேண்டாம். "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தால் அவன் ஏதோ பெரிய சேதி என்று நினைத்துப் பதறிவிடுவான். போகிற போக்கில், "எனக்கு ராத்திரி தூக்கமே கெடுது, தெரியுமா" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள். இந்த நிறுத்துவதுதான் கஷ்டம். சொன்ன பிறகு ஒரு நொடி கூச்சமாக இருக்கும். அதை மூடுவதற்காக உடனே சிரித்துவிட்டு, "அதெல்லாம் ஒன்றுமில்லை, விடு" என்று நீயே துடைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அப்படித் துடைத்துவிட்டால் அவன் அதைத் தொடலாமா கூடாதா என்றே தெரியாமல் விட்டுவிடுவான். சொன்னதை அப்படியே இருக்க விடு.

அப்புறம் அவன் என்ன செய்கிறான் என்று பார். தன்னிடம் இருப்பதில் ஒன்றைச் சொல்லலாம்: "எனக்கும் போன வருஷம் அப்படித்தான் இருந்தது." அல்லது, "எத்தனை நாளாக?" என்று கேட்கலாம். இரண்டுமே கதவைத் திறந்துவிட்டதற்கு அடையாளம். மூன்றாவதாக, உடனே ஆலோசனை சொல்ல ஆரம்பிக்கலாம்: ராத்திரி போனைப் பார்க்காதே, இப்படிச் செய், அப்படிச் செய். பலர் இதைக் கேட்டதும் "இவன் புரிந்துகொள்ளவில்லை" என்று சுருங்கிவிடுவார்கள். அவசரப்படாதே. நிறையப் பேருக்கு அக்கறையைக் காட்டத் தெரிந்த ஒரே வழி அதுதான். "யோசனை எல்லாம் இப்போது வேண்டாம்டா, சும்மா உன்னிடம் சொல்லணும்போல இருந்தது" என்று நீ லேசாகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

பேச்சை மாற்றினாலோ கேலி பண்ணினாலோ அங்கேயே நில், இன்னொரு படி இறங்காதே. ஆனால் ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். அன்று அவனுக்கே ஏதாவது தலைவலி இருந்திருக்கும், அல்லது பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள். சில பேர் அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, நாலு நாள் கழித்து வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் தங்கள் பங்கைச் சொல்வார்கள். வெவ்வேறு சமயங்களில், வெவ்வேறு விஷயங்களில், மூன்று தடவை அதே மாதிரி நழுவினால் அவனுக்கு இந்த அளவு நட்பு போதும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதில் உனக்கு அவமானம் ஒன்றும் இல்லை. மதியப் பேச்சு அப்படியே தொடரட்டும்.

மாறி மாறிச் சொல்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீ கேட்கலாம். 1997-இல் ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் முன்பின் தெரியாதவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் 36 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பேச வைத்தார்கள். முதல் கேள்விகள் லேசானவை. போகப்போக ஆழம் கூடி, கடைசிக் கேள்வி தன் சொந்தப் பிரச்சினை ஒன்றைச் சொல்லி எதிரே இருப்பவரிடம் யோசனை கேட்பது. அதே நேரம் சாதாரணப் பேச்சுப் பேசிய ஜோடிகளைவிட இவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். கேள்விகள் அழகானவை என்பதால்தான் இப்படி நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகிறது, இரண்டு பேருமே பங்கு போடுகிறார்கள், இந்த இரண்டும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஒருவர் மட்டும் சொல்லி மற்றவர் கேட்டுக்கொண்டே இருந்தால் அது நட்பு மாதிரி இருக்காது. சொன்னவருக்கு அம்பலமாகிவிட்ட உணர்வு வரும், கேட்டவருக்கு பாரம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். முக்கால் மணி நேரத்தில் வருவது நெருக்க உணர்வுதான். ஒருவரை நம்பிச் சாய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அதனால்தான் ஒரேயடியாகக் கொட்டிவிடாதே என்கிறேன். தனிமையில் வாடுகிறவர்கள் ஒருநாள் திடீரென்று மொத்தத்தையும் சொல்லிவிடுவார்கள். கேட்டவன் அன்று இதமாகத்தான் பேசியிருப்பான். ஆனால் மறுநாளிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பான். அவன் கெட்டவன் என்பதால் இல்லை. அதே அளவு திருப்பிச் சொல்ல அவன் இன்னும் தயாராகவில்லை, அந்தக் கடன் அவனைச் சங்கடப்படுத்துகிறது. எவ்வளவு சொல்லலாம் என்று தெரியாவிட்டால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்: இது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் என்னால் தாங்க முடியுமா? முடியும் என்றால் சொல். கொஞ்சம் வருத்தமாக இருக்கும், அவ்வளவுதான் என்கிற அளவில் ஆரம்பி. வேலையே போய்விடும் என்கிற விஷயத்தை, அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், ஒரே அலுவலகத்தில் இருக்கும்வரை தள்ளிவை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது கேட்கும் பக்கத்தைப் பற்றி. ஏனென்றால் அவன் ஏற்கெனவே உன்னிடம் ஏதோ சொல்ல முயன்றிருப்பான், நீ கவனிக்காமல் விட்டிருப்பாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். தம்பி வேலை தேடிக்கொண்டிருக்கிறான், வீட்டுக்கு அவன்தான் பணம் அனுப்புகிறான் என்று அவன் ஒருமுறை சொன்னதை என்னிடம் போகிற போக்கில் சொன்னாயே, அது தகவல் இல்லை கண்ணா. அது மூன்றாவது படி. அப்போது நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டதற்கு, "வேலை கிடைச்சிடும் விடு என்றேன்" என்றாய். ஆறுதல்தான், ஆனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. "எல்லாம் உன் தலையிலா விழுது?" என்று கேட்டிருந்தால் அவன் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பான்.

பரவாயில்லை, இப்போதும் கேட்கலாம். பழைய பேச்சை நினைவு வைத்துக் கேட்பது, அன்றைக்கே கேட்பதைவிடச் சில சமயம் பெரிசு. "தம்பி விஷயம் என்ன ஆச்சு?" என்று நீயாகக் கேட்டால், தான் சொன்னது உன் மனதில் தங்கியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஹாரி ரெய்ஸ் என்ற உளவியலாளர் நெருக்கத்தைப் பற்றி எழுதும்போது இதைத்தான் மையத்தில் வைக்கிறார்: சொன்னவருக்குத் தன்னைப் புரிந்துகொண்டார்கள், மதித்தார்கள், தன்மேல் அக்கறை இருக்கிறது என்று தோன்ற வேண்டும். அந்த உணர்வு கிடைக்காவிட்டால் எவ்வளவு சொன்னாலும் நெருக்கம் வளராது.

கஷ்டங்களை மட்டும்தான் பகிர வேண்டும் என்றும் இல்லை. உனக்கு ஒன்று நன்றாக நடந்தால், அது ஏன் உனக்கு முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல். சந்தோஷத்தைச் சொல்வதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வானோ என்ற தயக்கம் அங்கேயும் உண்டு. அவனுக்கு ஒன்று நடந்தால் "வாழ்த்துகள்" என்று முடித்துவிடாமல் எப்படி நடந்தது என்று கேள்.

அப்பாவின் ஆபரேஷனைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறது என்றாயே. அவனிடம் சொல்லலாம், அப்பாவிடமும் கேட்டுவிட்டேன், அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கதையைவிட, அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அந்த வாரத்தை நீ எப்படிக் கழித்தாய் என்பதைச் சொல். அக்கா வீட்டு விஷயத்தை மட்டும் எடுக்காதே, அது அவள் சொல்ல வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அவன் தம்பிக்கு வேலை கிடைத்ததா என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
அம்மா