மின்னஞ்சலில் Cc, Bcc, Re, Fwd: ஒரு விளக்கம்

சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மின்னஞ்சலில் To என்ற இடத்தில் இருப்பவரே பதிலளிக்க வேண்டியவர். Cc என்பது கார்பன் காப்பி. அதில் இருப்பவர் தகவலுக்காக மட்டும் நகல் பெறுகிறார், அவர் முகவரி அனைவருக்கும் தெரியும். Bcc என்பது மறைநகல் என்பதால் இதில்தான் கூடுதல் கவனம் தேவை.

எடுத்துக்காட்டாக, கணக்கறிக்கையைப் பொருளாளருக்கு To-விலும், தலைவருக்கு Cc-யிலும், உங்களுக்கு Bcc-யிலும் செயலாளர் அனுப்பினால், நீங்கள் அதைப் பெற்றது அவ்விருவருக்கும் தெரியாது. Bcc-யில் உள்ள பிற உறுப்பினர்களுக்கும் தெரியாது. ஆனால், நீங்கள் Reply all அழுத்தினால் உங்கள் பதில் செயலாளருடன் அவ்விருவருக்கும் சென்று, மறைவு அங்கேயே கலைந்துவிடும். To, Cc இரண்டிலும் உங்கள் முகவரி இல்லாத அஞ்சல் பெரும்பாலும் Bcc-யில் வந்ததாகவே இருக்கும். அதற்கு Reply மட்டும் அழுத்துங்கள்.

தலைப்பின் முன் வரும் Re, அது முந்தைய அஞ்சலுக்கான பதில் என்பதைக் காட்டும். பதிலுடன் பழைய இணைப்புகள் பொதுவாகச் செல்வதில்லை. Fwd என்பது மூன்றாமவருக்கு அனுப்பப்பட்ட அஞ்சல். இணைப்புகளோடு, முன்பு எழுதியவர்களின் முகவரிகளும் அதன் அடியில் செல்லும் என்பதால், உறுப்பினர்களின் முகவரிகளை நீக்கிய பின்னரே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

- செயலாளர்