எம்எம்ஆர் தடுப்பூசி: சனிக்கிழமை நேர ஒதுக்கீடு

பெற்றோருக்கு வணக்கம். விடுபட்ட பிள்ளைகளுக்கான ஊசி வரும் சனி காலை 8.30–11.30, கல்லடி முன்பள்ளியில்.

1. ஒரு குப்பியில் 10 டோஸ். கரைத்தபின் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும்; மிச்சம் வீண். அதனால் இரண்டே குப்பிகள்: 18 பதிவு, 2 நேரடி வருகை.

2. பதியாமல் வருவோர் 11 மணிவரை காத்திருக்கவும். பதிந்தவர் வராவிட்டால் அந்த இடமும் உங்களுக்கே. ஒரு பிள்ளைக்காக மூன்றாவது குப்பி உடைக்கப்படாது. பெயர், தொலைபேசி இலக்கம் தந்தால் அடுத்த கிளினிக்கில் முதலிடம்.

3. இரண்டாம் டோஸுக்குக் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். முந்திப் போட்டால் கணக்கில் வராது, திரும்பப் போடவேண்டும். அட்டையில் முதல் ஊசித் திகதியைப் பாருங்கள்.

4. காய்ச்சலென்றால் முதலே மிட்வைஃபிடம் சொல்லுங்கள். ஊசிக்குப்பின் 20 நிமிடம் அங்கேயே இருங்கள்.

பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, முதலாம் டோஸா இரண்டாம் டோஸா என்பதை வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள். வரமுடியாதவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.