தங்கம் பிறக்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்மீன்களின் மையத்தில் எரிந்தே தங்கம் உருவாகிறது என்று ஞாயிறு இணைப்பில் படித்தேன். அது சரியல்ல. அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் தரும் அந்த எரிதல் இரும்போடு நின்றுவிடும். அதற்கு மேல் அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் வராது, செலவுதான்.

வெடித்த பெரிய விண்மீன் விட்டுச்செல்லும் அடர்ந்த மிச்சம்தான் நியூட்ரான் விண்மீன். அப்படி இரண்டு மோதும்போது சிதறும் பொருளில் நியூட்ரான்கள் மொய்க்கின்றன. அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்கி, அது புரோட்டானாக மாறுவதற்குள் அடுத்தடுத்து விழுங்கிப் பருத்துவிடுகிறது. அப்புறம்தான் அந்த நியூட்ரான்கள் ஒவ்வொன்றாகப் புரோட்டானாகி, சில கருக்கள் தங்கமாக நிலைக்கின்றன.

13 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்த அப்படியொரு மோதல் 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவானது. அதன் ஒளி சில நாட்களில் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. கனமான தனிமங்கள் நீல ஒளியை மறிப்பதால் வந்த சிவப்பு அது. தங்கத்தின் தனித் தடம் அதில் பிரிந்து தெரியவில்லை. ஆனால் இரும்பைவிடக் கனமான இன்னொரு தனிமமான ஸ்ட்ரான்சியத்தின் தடத்தை 2019இல் அடையாளம் கண்டார்கள்.

இயற்பியல் ஆசிரியை, திருநெல்வேலி