'நாய்கள் ஜாக்கிரதை' பலகை உங்களைக் காப்பாற்றாது

எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்போருக்கும் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த தொழிலாளியின் கெண்டைக்காலை ஒரு வீட்டு நாய் கடித்தது உங்களுக்குத் தெரியும். தோளில் சிலிண்டருடன் அவர் அழைப்புமணியை அடித்திருக்கிறார். கதவு திறந்ததும் நாய் பாய்ந்துவிட்டது. "பலகை மாட்டியிருக்கிறோமே", "இதுவரை யாரையும் கடித்ததில்லையே" என்றார் உரிமையாளர். சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டு பதில்களையும் பலர் ஏற்றுக்கொண்டதால்தான் எழுதுகிறேன்.

முதலில் பலகை. வாசலில் அதை மாட்டியவர், தன் நாய் ஆபத்தானது என்று தனக்குத் தெரியும் என்பதை எழுதியே வைத்திருக்கிறார் என எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடலாம். அத்துமீறி நுழைந்தவருக்கு எதிராக அந்தப் பலகை ஓரளவு உதவும். நாம் பதிவு செய்து வரவழைத்த சிலிண்டர்காரர் அத்துமீறியவர் அல்லர்.

அடுத்து, 'கடித்ததில்லை'. நாயின் மூர்க்கக் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால், அவர் கவனமாக இருந்தாரா என்று பார்க்காமலே இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமத்தும் பழைய விதி ஒன்று உண்டு. 'கடித்ததில்லை' என்பது அதற்கு மட்டுமே பதில். அங்கேயும், கடித்திருக்க வேண்டும் என்பதில்லை. வருவோர் மீது பாய்ந்து பல்லைக் காட்டும் பழக்கம் தெரிந்திருந்தாலே போதும். அலட்சியம் என்பது தனி வழி. அந்நியர் வந்தால் பாயும் நாயைக் கட்டாமல் கதவைத் திறந்தது ஏன் என்ற கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தாது.

இழப்பீட்டோடும் முடிவதில்லை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடிய நிலையில் தன் விலங்கை அடக்கிவைக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் குதறியபோது உரிமையாளர் கைது செய்யப்பட்டதை மறந்துவிடாதீர்கள்.

உரிமையாளருக்கு உண்மையான எதிர்வாதங்களும் உண்டு. அவற்றையும் சொல்வதே நியாயம். கட்டிக்கிடந்த நாயைக் கல்லால் அடித்தவர், "நாயைக் கட்டிவிட்டு வருகிறேன், நில்லுங்கள்" என்று சொன்ன பிறகும் கேட்டைத் திறந்து நுழைந்தவர், ஆபத்தை அறிந்தே நாயைக் கையாளும் பயிற்சியாளர் ஆகியோரிடம் அவை எடுபடலாம். மணியடித்துக் காத்து நின்றவரிடம் இவற்றில் எதுவும் செல்லாது.

சங்கம் செய்ய வேண்டியது இதுதான். கடிபட்டவரின் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் செய்து, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நாயின் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை உரிமையாளர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டியிருப்பதால் ஊருக்கு அனுப்பி மறைக்கவே கூடாது. அந்தத் தொழிலாளியின் மருத்துவச் செலவையும் இழந்த நாட்களின் கூலியையும் உரிமையாளர் தர வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர்