கடன் அனுமதியில் பங்குத் தொகைப் பிடித்தம்: சரிபார்க்க

உறுப்பினர்களே, பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் அனுமதி ஆணை வந்ததும், கையில் வந்த தொகையை மட்டும் பார்க்காதீர்கள். துணைவிதியில் கடன் தொகையில் எத்தனை சதவீதம் உங்கள் பெயரில் சங்கப் பங்காக இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்து வைத்துக்கொண்டு பிடித்தத்தை ஒப்பிடுங்கள்.

உதாரணமாக, விதி 5% என்றால் ரூ.2,00,000 கடனுக்கு மொத்தப் பங்கு ரூ.10,000. உங்கள் பெயரில் ஏற்கெனவே ரூ.6,000 இருந்தால் பிடிக்க வேண்டியது ரூ.4,000 மட்டுமே. பெரும்பாலும் தவறு இங்கேதான்: பழைய பங்கைக் கழிக்காமல் முழு ரூ.10,000 பிடித்துவிடுவார்கள். பாஸ் புத்தகத்தின் பங்கு இருப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். துணைவிதியில் பங்குத் தொகைக்கு உச்சவரம்பு இருந்தால் அதையும் பாருங்கள்.

நுழைவுக் கட்டணம் உறுப்பினராகச் சேரும்போது ஒரே முறைதான், மறுபடி பிடிக்கக் கூடாது. இரண்டாவது கடனில் அது பிடிக்கப்பட்டிருந்தால், விதி எண்ணைக் குறிப்பிட்டுச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.