பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் வரை

டர்பன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? நான் நலம். போனில் "ஓடி முடிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னது உனக்குப் போதவில்லை என்று அம்மா சொன்னாள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த ஓட்டத்துக்கு காம்ரேட்ஸ் என்று பெயர். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921இல் தொடங்கியது. இந்த முறை பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து கீழே கடற்கரைக்கு, டர்பன் வரை, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான். 12 மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிப்பார்கள், அதற்குப் பிறகு ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. நான் அதற்குப் பத்து நிமிடம் முன்னால் கோட்டைத் தாண்டினேன். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது அக்கா.

12 மணி நேரத்தில் 90 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம். நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் ஒதுங்குவதும் எல்லாம் அதற்குள்தான். இந்தக் கணக்கைத் தனியாளாகச் சுமப்பது கஷ்டம். அதனால் இங்கே 'பஸ்' என்று ஒன்று உண்டு. பல முறை ஓடிய ஒருவர் முன்னால் போவார், அவர்தான் டிரைவர். பின்னால் ஐம்பது பேர், நூறு பேர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் டிரைவர் ஒரு ஜூலு அண்ணன். விடியாத குளிரில் சும்மாவே வேகமாக ஓடத் தோன்றும், அவர் விடவில்லை. மேட்டில் விளக்குக் கம்பங்களை எண்ணி, இத்தனை கம்பம் ஓட்டம், இத்தனை கம்பம் நடை என்று கத்துவார். நடக்கச் சொன்னால் எல்லோரும் நடக்க வேண்டும், தெம்பு இருக்கிறவனும்கூட. நடுநடுவே ஜூலுப் பாட்டு. பாடுகிற அளவுக்கு மூச்சு இருந்தால் வேகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

இறக்கம் என்றதும் சுலபம் என்று நினைத்துவிடாதே. இஞ்சாங்கா, போதாஸ் ஹில் எல்லாம் நல்ல மேடுதான். ஆனால் ஆளைச் சாய்ப்பது ஃபீல்ட்ஸ் ஹில். 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்திருக்கும்போது, பைன்டவுனை நோக்கி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக இறங்கும். இறங்கும்போது தொடையின் முன்தசைதான் பிரேக். உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே அது நீள வேண்டியிருப்பதால், உள்ளே நார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. அந்த நேரத்தில் முழுதாகத் தெரியாது. இரண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்கு வரும். இன்றும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் மாடிப்படி இறங்குகிறேன். அங்கே காலை நீட்டி எட்டுப் போடக் கூடாது, அடியைச் சின்னதாக வைத்து வேகமாக மாற்ற வேண்டும் என்று டிரைவர் கத்திக்கொண்டே வந்தார்.

சாட்ஸ்வொர்த் அங்கிளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பயிற்சி கொடுப்பவர். அவருடைய முன்னோர் மெட்ராஸில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். இந்த ஓட்டத்தில் நம்மவர்களையும் கறுப்பர்களையும் பெண்களையும் முறைப்படி சேர்த்துக்கொண்டது 1975இல்தான். அதுவரை அவருடைய அப்பா சாலையோரம் நின்று வெள்ளைக்காரர்களுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுத்திருக்கிறார். கௌவீஸ் ஹில் ஏற்றத்தில் அங்கிள் உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கோடு எனக்காக நின்றிருந்தார். கையில் திணித்துவிட்டு, "நடந்துகிட்டே சாப்பிடு, நிற்காதே" என்று ஆங்கிலத்தில் அதட்டினார். தொண்டை அடைத்துவிட்டது. சாப்பிடக் கொஞ்ச நேரமாயிற்று.

நீ குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்ததைத்தான் கடைசி பத்து கிலோமீட்டர் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அன்று உன் பாதக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு நான் அழுதேன், நீ துணியைக் கட்டிக்கொண்டு மறுநாள் கிளம்பிவிட்டாய்.

இந்தத் தைப்பூசத்துக்கும் போகிறாய் என்று அம்மா சொன்னாள். எனக்கு உதவியது உனக்கும் உதவும். எங்கே உரசி எரிகிறதோ அங்கே கொப்புளம் வருவதற்கு முன்பே பிளாஸ்திரி ஒட்டிவிடு, பொறுத்துப் பார்க்காதே. தாகத்துக்குத் தண்ணீர் குடி, பயந்துகொண்டு குடம் குடமாகக் குடிக்காதே, அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைசுற்றும், மயக்கம்கூட வரும். வலி மாத்திரையை நடக்கும்போது போடவே போடாதே, சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் நடையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதை அத்தானிடமும் சொல்லி வை.

புதுச் செருப்போடு கிளம்பாதே. இப்போதே வாங்கி, தினமும் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பழக்கிவிடு. பணம் இந்த வாரம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி